மீட்டமைத்த பழைய ரூட்டர்: டிஎஸ்எல் விளக்கு எரிந்தும் இணையம் வராத இரண்டு நாட்கள்

கம்பித்தடம்:
ஒருவர் பயன்படுத்திய விடிஎஸ்எல் ரூட்டர் ஒன்றை வாங்கி, பின்புறத் துளைக்குள் ஊசியை நுழைத்து, எல்லா விளக்குகளும் ஒருசேர அணைந்து எரியும் வரை அழுத்திப் பிடித்து மீட்டமைத்தேன். பிறகு 192.168.1.1 முகவரியில் உள்ள பக்கத்தில், சேவையாளர் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டேன். டிஎஸ்எல் விளக்கு நிலையாகப் பச்சையில் எரிந்தது. இணைய விளக்கு மட்டும் எரியவே இல்லை. கடவுச்சொல்தான் பிழை என்று நினைத்து இருபது முறையாவது மாற்றி மாற்றி இட்டிருப்பேன். இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் எங்கே தடுக்கி விழுந்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

வெண்பனி:
எனக்கும் இப்படித்தான் ஆனது. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள கடவுச்சொல்லை இட்டதும் கைப்பேசி இணைந்துவிட்டது.

கம்பித்தடம்:
அது வைஃபையின் கடவுச்சொல். என் கைப்பேசி ரூட்டருடன் இணைகிறது. ரூட்டருக்குத்தான் வெளியுலகம் கிடைக்கவில்லை.

நாலாம்சாமம்:
ஒரு பொட்டலத்தின் உச்ச அளவான எம்டியு 1500 என்று இருந்தால், பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு இணைக்கும் பிபிபிஓஇ முறை இணையாது. அதை 1492 ஆக்குங்கள், உடனே வரும். எனக்கு அப்படித்தான் சரியானது.

பழுதுநோக்கி:
1492 என்ற எண் சரி. பிபிபிஓஇ தன் தலைப்புக்காக 8 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் அந்தக் கணக்கு வருகிறது. ஆனால் அது தவறாக இருந்தால் இணைப்பு ஏற்பட்ட பிறகு சில தளங்கள் மட்டும் திறக்காமல் தொங்கும். இணைப்பே வராமல் போவதற்கு அது காரணமன்று. கம்பித்தடம், கடவுச்சொல்லைத் தொடாமல், ரூட்டரின் பதிவேட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நான் பல ரூட்டர்களில் பார்த்த அனுபவத்தில், இந்த இரு வரிகளில் எது வருகிறது என்பதே பாதி விடை:

```
Timeout waiting for PADO packets
PAP authentication failed
```

முதல் வரி வந்தால், உங்கள் ரூட்டர் "யாரேனும் உண்டா" என்று கூவுகிறது, எதிர்முனையில் யார் காதிலும் அது விழவில்லை என்று பொருள். அந்த நிலையில் கடவுச்சொல் இன்னும் ரூட்டரை விட்டு வெளியேறவே இல்லை. இரண்டாவது வரி வந்தால் மட்டுமே பெயரையும் கடவுச்சொல்லையும் சந்தேகிக்க வேண்டும். (சில ரூட்டர்களில் PAP என்ற இடத்தில் CHAP என்று இருக்கும்.)

கம்பித்தடம்:
முதல் வரிதான், அதுவும் பக்கம் முழுவதும். இருபது முறை கடவுச்சொல்லை மாற்றியது வீண் வேலை என்று இப்போது புரிகிறது.

பழுதுநோக்கி:
அப்படியானால் தடத்தின் அமைப்பு பொருந்தவில்லை. மீட்டமைத்த ரூட்டர் பல நேரங்களில் ஏடிஎஸ்எல்லுக்கு உரிய விபிஐ, விசிஐ எண்களுடன் ஏடிஎம் என்ற தரவு அனுப்பும் முறையில் நிற்கும். விடிஎஸ்எல் தடத்துக்கு பிடிஎம் முறை வேண்டும். பல சேவையாளர்கள் அதன்மேல், போக்குவரத்தைப் பிரித்தறியும் விலேன் எண் ஒன்றையும் கேட்பார்கள். கம்பியின் இசைவு தானாக நடப்பதால் டிஎஸ்எல் விளக்கு எரியும், ஆகையால் அந்த விளக்கை நம்பி ஏமாறாதீர்கள். இதற்கு முன் இதே தடத்தில் ஓடிய பழைய ரூட்டர் கையில் இருந்தால், அதை மீட்டமைத்துவிடாமல், வெளி இணைப்பின் அமைப்புகள் உள்ள அதன் வேன் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பித்தடம்:
நல்ல வேளையாகப் பழையது பரணில் இருந்தது. அதில் பிடிஎம் என்றும், விலேன் எண் 10 என்றும் இருந்தது. இப்போது வாங்கிய ரூட்டரிலோ ஏடிஎம், விபிஐ/விசிஐ 8/35. மாற்றிச் சேமித்ததும் பதிவேட்டில் முதல் வரி மறைந்து இரண்டாவது வரி வந்தது. தோல்விச் செய்தியைப் பார்த்து மகிழ்ந்தது வாழ்வில் இதுவே முதல் முறை. பயனர் பெயரில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதியை நான் விட்டுவிட்டிருந்தேன். அதையும் சேர்த்த பின்னும் பத்து நிமிடங்களுக்கு மறுத்துக்கொண்டே இருந்து, பிறகு தானாக இணைந்தது.

ஒளியிழை:
என் வீட்டில் பயனர் பெயரே கிடையாது, இணைய முகவரி தானாகக் கிடைக்கும் டிஹெச்சிபி முறை. அங்கே பழைய ரூட்டரின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரியை சேவையாளர் நினைவில் வைத்திருந்ததால், அதைப் புதியதில் நகலெடுத்த பிறகே முகவரி கிடைத்தது. பிபிபிஓஇ தடத்திலும் அப்படி நடக்குமா?

பழுதுநோக்கி:
சில இடங்களில் கணக்கை மேக் முகவரியோடு பிணைத்து வைப்பதுண்டு, ஆனால் அப்படி இருந்தால் பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகியிருக்காது. முந்தைய அமர்வு எதிர்முனையில் மூடப்படாமல் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். பழைய ரூட்டரை எப்போது கம்பியிலிருந்து எடுத்தீர்கள்?

கம்பித்தடம்:
அதை எடுத்து இரண்டு நாட்கள் ஆகின்றன.

பழுதுநோக்கி:
அப்படியென்றால் என் ஊகம் நிற்காது. அடுத்தடுத்த தவறான முயற்சிகளால் கணக்கைச் சிறிது நேரம் தடுத்து வைத்தார்களோ என்னவோ; அதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.