ஜிம் வியர்வை, ஞாயிறு ஓட்டம், கண் எரிச்சல்: முகத்துக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

சுதா, திருவான்மியூர்

வார நாள்களில் மாலையில் ஜிம், ஞாயிறு காலையில் நீண்ட ஓட்டம். ஆறு மணிக்கு பெசன்ட் நகரில் கிளம்பி, ஈ.சி.ஆர். வழியாகத் தெற்கே போய்த் திரும்பி வர எட்டரை ஆகிவிடும். கிளம்பும் முன் மறக்காமல் சன்ஸ்கிரீன் பூசுகிறேன். ஏழு மணிக்கெல்லாம் அது வியர்வையோடு வழிந்து கண்ணுக்குள் போகிறது. எரிச்சலில் டி-ஷர்ட் கையால் துடைத்துத் துடைத்தே ஓட வேண்டியிருக்கிறது. இவ்வளவு செய்தும் முகம் கறுத்திருக்கிறது. அதிலும் வலது கன்னம் இடதைவிடக் கூடுதலாக.

இன்னொன்று, ஜிம் முடிந்ததும் ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவுகிறேன். காலையிலும் படுக்கும் முன்னும் தனியாக ஒருமுறை. இப்போது கழுவியதும் தோல் இழுத்துப் பிடிக்கிறது, நெற்றியில் பொடிப்பொடியாகப் பொரி வந்திருக்கிறது. பிராண்ட் பெயர்கள் வேண்டாம். நீங்கள் என்ன செய்கிறீர்கள், எது சரிப்பட்டது என்று சொல்லுங்கள்.

கணேசன், தஞ்சாவூர்

அம்மா, வேர்த்த உடம்போடு தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். சளி பிடிக்கும், தலையில் நீர் கோக்கும். நான் தினமும் நடந்துவிட்டு வந்து மின்விசிறியின் கீழே உட்கார்ந்து, வியர்வை முழுக்கக் காய்ந்த பிறகுதான் முகம் கழுவுவேன். எழுபது வயதாகிறது, ஒரு குறையும் இல்லை. ஜிம்மில் ஏ.சி. இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள்.

முரளி, வேளச்சேரி

சுதா, நான் பல வருடங்களாக மாரத்தான் ஓடுகிறேன். முகத்துக்கு சோப்பு, ஃபேஸ்வாஷ் எதுவும் போடுவதில்லை. வியர்வை என்பது தண்ணீரும் உப்பும்தான். வெறும் தண்ணீரில் நன்றாக அலம்பினால் போய்விடும். ஃபேஸ்வாஷை நிறுத்திப் பாருங்கள், இழுத்துப் பிடிப்பது தானாக நிற்கும்.

சன்ஸ்கிரீனும் நான் அதிகம் போடுவதில்லை. ஓட்டத்துக்கு முன் தேங்காய் எண்ணெய் மெல்லிசாகத் தடவிக்கொள்வேன். எங்கள் தாத்தா வயலில் வேலை பார்த்ததே அப்படித்தான். மீறி சன்ஸ்கிரீன் போட்டாலும் ஓடி முடித்ததும் தண்ணீரிலேயே கழுவிவிடுவேன்.

ரெஜினா, மதுரை

நான் ஒரு தோல் மருத்துவப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். முரளி சொன்னதில் பாதி சரி. ஜிம் முடிந்ததும், முகத்தில் சன்ஸ்கிரீனோ மேக்கப்போ இல்லையென்றால், சாதாரணத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலம்பி, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தாலே போதும். தேய்க்க வேண்டாம். ஜிம் பெஞ்சைத் துடைக்கிற டவலால் முகத்தைத் துடைக்கவே வேண்டாம். வீட்டுக்குப் போய் எப்படியும் ஒருமுறை ஃபேஸ்வாஷ் போடத்தானே போகிறீர்கள்? அந்த ஒரு முறை போதும்.

கழுவியதும் முகம் இறுகுவது, மாய்ஸ்சரைசர் தடவினால் சுரீர் என்பது, மூக்கோரம் செதில் உரிவது, இதெல்லாம் கழுவுவது அதிகமாகிவிட்டதற்கு அடையாளம். உங்கள் வீட்டில் போர் தண்ணீரா? உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாகப் போகாமல் தோல்மேல் படிந்து நிற்கும், அதுவும் இறுக்கும். குளியல் சோப்பால் முகம் கழுவுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம்.

ஆனால் சன்ஸ்கிரீன் போட்ட முகத்துக்குத் தண்ணீர் மட்டும் பற்றாது. தண்ணீரில் கரையாமல் இருக்க வேண்டும் என்றுதானே அதைத் தயாரிக்கிறார்கள்? ஓடிவிட்டு வந்த பிறகு மென்மையான ஃபேஸ்வாஷ் கட்டாயம் வேண்டும். முடியோரத்திலும் காதுக்கு முன்னாலும் விரல்களால் மெதுவாகச் சுற்றித் தேயுங்கள். அந்த இடங்களில்தான் மிச்சம் தங்கும். தேங்காய் எண்ணெய் வெயிலைத் தடுப்பது மிகமிகக் கொஞ்சம். அதை நம்பி ஈ.சி.ஆரில் ஓட முடியாது. பருவோ பொரியோ வருகிற முகத்தில் எண்ணெயைத் தடவாமல் இருப்பதே நல்லது.

கணேசன் ஐயா, தண்ணீர் பட்டதால் சளி வராது, அது கிருமியால் வருவது. காற்றாட உட்கார்ந்து உடம்பை ஆறவிடுவது நல்ல பழக்கம்தான். முகத்தை மட்டும் அதற்கு முன்னாலேயே அலம்பிக்கொள்ளலாம்.

சுதா, அந்தப் பொரி அரிக்கிறதா? எல்லாம் ஒரே அளவில் இருக்கிறதா? இதைச் சொல்லுங்கள், காரணம் இருக்கிறது.

சுதா

ஆமாம் அக்கா. வேர்க்கும்போது அரிக்கும். எல்லாம் கடுகு அளவுதான். முடியோரத்தில் அதிகம். தோள்பட்டைக்குப் பின்னாலும் கொஞ்சம் இருக்கிறது.

ரெஜினா

எங்களிடம் ஒரு பையன் வந்திருந்தான். ஜிம்முக்குப் போகிறவன், வேர்த்த பனியனோடே பைக்கில் வீட்டுக்கு வந்து, அப்படியே மொபைல் பார்த்தபடி படுத்துக் கிடப்பான். நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் பொரி. பரு என்று நினைத்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான், அது ஆன்டிபயாடிக். குறையவில்லை, கூடியது. பிறகு யாரோ கொடுத்த க்ரீம், அதில் ஸ்டீராய்டு. முதல் சில நாள் அடங்கியது, விட்டதும் இரண்டு மடங்காக வந்தது. டாக்டர் பொரியை லேசாகக் கீறி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். எல்லோர் தோலிலும் எப்போதும் இருக்கிற ஒருவகை ஈஸ்ட்தான் அது. வியர்வையும் சூடும் இறுக்கமான துணியும் சேர்ந்தால் முடிக்கால்களில் பெருகும். பூஞ்சைக்கான மருந்து கொடுத்ததும் அடங்கியது. திரும்ப வராமல் இருக்க, ஜிம்மிலேயே பனியனை மாற்றிவிட்டு வரச் சொன்னார்.

பருவில் கரும்புள்ளி, வெண்புள்ளி, பெரிய கட்டி என்று பல அளவும் கலந்திருக்கும், அரிப்பு அவ்வளவாக இருக்காது. நீங்கள் சொல்வது அந்தப் பையன் கதை மாதிரி இருக்கிறது. ஆனால் எழுத்தை வைத்து நான் முடிவு சொல்ல முடியாது. வேர்க்குருவாகவும் இருக்கலாம். தோல் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை மருந்துக் கடையில் கேட்டு எந்த க்ரீமும் போடாதீர்கள்.

பிரகாஷ், கோவை

கண் எரிச்சலுக்கு என் அனுபவம். ரேஸ் கோர்ஸில் ஓடும்போது எனக்கும் இதே தொல்லை. நெற்றியில் பூசுவதுதான் வழிந்து கண்ணுக்கு வருகிறது. அதனால் புருவத்துக்கு மேலே ஒரு விரல் அகலம் விட்டுவிட்டு, அந்த இடத்தையும் கண்ணைச் சுற்றியும் ஜிங்க் ஆக்சைடு உள்ள ஸ்டிக்கால் மட்டும் தேய்த்துக்கொள்கிறேன். ஜிங்க் உள்ளவை எனக்குக் கண்ணில் எரிவதே இல்லை. நம் நிறத்துக்கு அது சாம்பல் பூசியதுபோலத் தெரியும். நிறம் கலந்தது வாங்கினால் அந்தத் தொந்தரவு குறையும்.

அப்புறம், முன்பக்கம் விளிம்புள்ள தொப்பி, அதற்குள் நெற்றியில் ஒரு துணிப் பட்டை. பட்டை வியர்வையைக் குடித்துவிடும். நனைந்ததும் பிழிந்து மறுபடி கட்டிக்கொள்வேன்.

நஸ்ரின், சிங்கப்பூர்

சுதா, உங்கள் வலது கன்னம் பற்றி யாரும் பேசவில்லையே. நீங்கள் தெற்கே போகும்போது கிழக்கு வெயில் இடது பக்கம் விழும். திரும்பி வடக்கே வரும்போது வலது பக்கம். போகும்போது வெயில் இளசு, சன்ஸ்கிரீனும் புதுசு. திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும், சன்ஸ்கிரீன் உங்கள் டி-ஷர்ட் கையில் இருக்கும். அதனால்தான் வலது பக்கம் கறுக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஓடுகிறேன். இங்கே சூரியன் உதிக்கவே ஏழு மணி ஆகும், அதனால் எட்டரை மணி வெயில் சாதுவானது. சென்னையில் அம்மா வீட்டுக்கு வரும்போது அதே எட்டரைக்கு முகம் காந்துகிறது. அங்கே அதற்குள் சூரியன் எழுந்து இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதிலிருந்து கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். என் நிழல் என்னைப்போல இரண்டு மடங்கு நீளத்துக்கு வந்ததும் மறுபடி பூசுவேன். நிழல் என் உயரத்துக்குக் குறைந்துவிட்டால் ஓட்டத்தை முடித்துக்கொள்வேன். போனில் யு.வி. அளவு காட்டும். அது 3-ஐத் தொட்டால் பாதுகாப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

நீங்கள் ஐந்தரைக்குப் பூசினால், இருட்டில் பூசி, வெயில் வரும் முன்னே துடைத்துவிடுகிறீர்கள்.

ரெஜினா

நஸ்ரின் சொன்னது சரியாகப் பொருந்துகிறது. பாக்கெட்டில் 80 நிமிடம் தண்ணீர் தாங்கும் என்று போட்டிருந்தால், அது தண்ணீரில் நனைத்துப் பார்த்த கணக்கு. துணியால் துடைப்பதற்கு அந்தக் கணக்கு செல்லாது. அளவும் முக்கியம். ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் இரண்டு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பெரும்பாலானவர்கள் அதில் பாதிகூடப் போடுவதில்லை.

சுதா, ஏழு, ஏழேகால் சுமாருக்குத் தண்ணீர் குடிக்க நிற்பீர்கள் அல்லவா? அங்கே முகத்தை ஒற்றிக் காயவைத்துவிட்டு மறுபடி பூசுங்கள். ஈரத்தின் மேல் பூசினால் பிடிக்காது.

முரளி

ஓட்டத்தின் நடுவில் நின்று முகத்தைக் காயவைப்பது நடைமுறையில் முடியாதது அக்கா. சென்னைப் புழுக்கத்தில் ஒற்றி எடுத்த அடுத்த நிமிடமே வேர்க்கும். அதற்குப் பதில் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பலாம்.

பிரகாஷ்

ஸ்டிக் என்றால் முடியும். கன்னத்திலும் மூக்கிலும் நாலைந்து தடவை இழுத்தால் போதும், கையும் பிசுபிசுக்காது.

ரெஜினா

ஸ்டிக்கில் போதுமான அளவு பிடிக்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஒரே இடத்தில் அழுத்திப் பல தடவை தேய்க்க வேண்டும். மூக்கின் ஓரமும் காதும் விட்டுப்போகும். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல், அவ்வளவுதான் சொல்வேன். சீக்கிரம் கிளம்புவதை நானும் ஆதரிக்கிறேன்.

சுதா

இந்த ஞாயிறு ஐந்தரைக்கே கிளம்பினேன். தொப்பியும் நெற்றிப் பட்டையும் போட்டேன், புருவத்துக்கு மேலே கிரீம் பூசவில்லை. கண் எரியவில்லை, அது பெரிய நிம்மதி. திருப்பத்தில் நின்று கைக்குட்டையால் ஒற்றிவிட்டு ஸ்டிக் தேய்த்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கன்னத்தில் திட்டுத்திட்டாக இருந்தது. மூக்கின் மேல் ஒன்றுமே மிச்சமில்லை, மூக்கு வேர்க்கிற வேகத்துக்கு எதுவும் நிற்கவில்லை. இதற்கு யாராவது வழி கண்டிருந்தால் சொல்லுங்கள்.

ஜிம்மில் இப்போது வெறும் தண்ணீர்தான், மாற்று டி-ஷர்ட்டும் எடுத்துப் போகிறேன். இறுக்கம் குறைந்திருக்கிறது. பொரி அப்படியே இருக்கிறது. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன் அக்கா, அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுகிறேன்.

கணேசன், தஞ்சாவூர்

இன்று நடந்துவிட்டு வந்ததும் முகம் மட்டும் அலம்பினேன். நன்றாகத்தான் இருந்தது. எழுபது வயதுக்காரருக்கும் இந்த சன்ஸ்கிரீன் வேண்டுமா, ரெஜினா அம்மா? எனக்கு நெற்றியிலும் கன்னத்திலும் கருந்திட்டு நிறைய இருக்கிறது.