வியர்க்காத் தடிமன் சரியா? குளிர்நீர்க் குழாய்க் காப்புக்கு ஒரு சொல் தேவை

பாளையங்கோட்டையிலிருந்து:

ஃபிட்டர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். ஒரே இடத்தில் நிற்கிறது. சில்லரிலிருந்து வரும் குளிர்நீர்க் குழாய்மேல் சுற்றும் ரப்பர் எவ்வளவு கனம் இருந்தால் வெளிப்பக்கம் தண்ணீர் கோக்காதோ, அந்தக் குறைந்தபட்ச அளவுக்கு ஒரு சொல் வேண்டும். 'ஒடுக்கத் தவிர்ப்புக் குறுமக் காப்புத் தடிமன்' என்று எழுதியிருந்தேன். என்னிடம் வேலை பார்க்கும் பையன் படித்துவிட்டு, "இத சொல்லி முடிக்கதுக்குள்ள சொட்ட ஆரம்பிச்சிரும்ணே" என்றான். அவர்கள் பேச்சில் குழாய் 'வியர்க்கும்', அவ்வளவுதான். 'வியர்க்காத் தடிமன்' எப்படி?

வள்ளியூரிலிருந்து:

தனிச்சொல் எதற்கு அண்ணாச்சி? 'சிக்கனத் தடிமன்' போதும். உள்ளே ஏறும் வெப்பத்துக்கு ஆகும் கரண்டு செலவு ஒரு பக்கம், ரப்பர் விலை ஒரு பக்கம். இரண்டையும் கூட்டினால் எங்கே மிகக் குறைவோ அதுதான் தடிமன். சித்திரை வெயிலுக்குக் கணக்குப் போட்டால் மழைக்காலம் தானாக அடங்கிவிடும்.

தென்காசியிலிருந்து:

முதல் பாதி சரி தம்பி. கடைசி வரியில்தான் எல்லோரும் வழுக்குகிறோம், நானும் வழுக்கியிருக்கிறேன்.

திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடை. வண்டி நிறுத்தும் தளத்தின் கூரையில் நாலு அங்குலக் குழாய், உள்ளே 7 டிகிரி தண்ணீர், மேலே 25 மி.மீ. நைட்ரைல் ரப்பர். கோடை முழுக்கக் காய்ந்தே இருந்தது. ஐப்பசி அடைமழையில் வண்டிகள்மேல் சொட்டியது. கசிவு என்று சண்டைக்கு வந்தார்கள். சில்லரை ஒரு இரவு நிறுத்தினோம், பம்பு மட்டும் ஓடியது. தண்ணீர் சூடேறியதும் சொட்டு நின்றுவிட்டது. கசிவென்றால் நிற்காது.

அன்று காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். அந்தக் காற்றுக்குப் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 26.2. 25 மி.மீ. ரப்பரின் மேற்பரப்பு ஏறத்தாழ 25.2-இல் நின்றது. ஒரு டிகிரி குறைவு, அதனால் வியர்த்தது. கோடையில் 38 டிகிரி, 30 சதவீதம் என்று வையுங்கள். மேற்பரப்பு 34, பனிநிலையோ 17 சொச்சம். வெயில் ஏறினால் குழாய்க்குள் வெப்பம் கூடும், ஆனால் வியர்க்காது. வியர்ப்பதற்கு வேண்டியது மழைநாள்.

கணக்கு 38 மி.மீ. என்றது. விளிம்பில் நிற்க மனமில்லாமல் 25 மேல் 25, மேல்தாளின் ஒட்டு கீழ்த்தாள் ஒட்டின்மேல் வராமல் 50 ஆக்கினோம். இதனால் கோடையில் எவ்வளவு மிச்சம்? நூறு மீட்டருக்கு 640 வாட் வெப்பம் குறையும். அதை வெளியேற்ற சில்லருக்கு 160 வாட் மின்சாரம் ஆகும், ரெண்டு சீலிங் ஃபேன் ஓடுகிற அளவு. சிக்கனக் கணக்கு மட்டும் பார்த்தால் இதற்காக யாரும் இரண்டாவது தாள் வாங்க மாட்டார்கள். ஆகவே இரண்டு தடிமனும் வேறு வேறு. தனிச்சொல் வேண்டும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

எங்கள் வீட்டு ஸ்பிலிட் ஏசியும் சுவரில் சொட்டுகிறது. 50 மி.மீ. சுற்றச் சொல்லட்டுமா?

தென்காசியிலிருந்து:

ஐயா, முதலில் வடிகால் குழாய் கீழ்நோக்கிச் சரிகிறதா, அடைத்திருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அதுதான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

இலக்கணப்படி 'வியர்க்காத் தடிமன்' சரி, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். ஆனால் நம் ஊரில் தடிமன் என்றால் சளி! வகுப்பில் சொன்னால் "குழாய்க்குத் தடிமனா சார், கஷாயம் குடுங்க" என்பார்கள். 'வியர்க்காக் கனம்' என்று வையுங்களேன்.

வள்ளியூரிலிருந்து:

கனம் என்றால் எடை என்று படிப்பார்களே.

தென்காசியிலிருந்து:

எனக்கு 'வியர்க்கா'மேல்தான் சங்கடம். அது வாக்குறுதி மாதிரி இருக்கிறது. அதே 28 டிகிரியில் ஈரப்பதம் 95 ஆனால் அதே குழாய்க்கு 70 மி.மீ. கேட்கும். நூறைத் தொட்டால் எந்தக் கனமும் போதாது. இன்னொன்று, ரப்பர்மேல் பளபளவென்று அலுமினியத் தகடு போட்டால் சுற்றுப்புறத்திலிருந்து வாங்கும் வெப்பம் குறைந்து மேற்பரப்பு இன்னும் குளிரும். மேலே 38 போதும் என்ற 90 சதவீதத்துக்கே அப்போது 55-க்கு மேல் போகும். அழகுக்குத் தகடு போட்டு, கறுப்பு ரப்பரில் இல்லாத வியர்வையை வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. என்ன காற்று, என்ன மேலுறை என்று சொல்லாமல் இந்தச் சொல்லை எழுதக் கூடாது.

பாளையங்கோட்டையிலிருந்து:

அப்படியானால் எண்ணோடு சேர்த்தே எழுதுகிறேன்: '28 டிகிரி, தொண்ணூறில் வியர்க்காக் கனம், வெறும் ரப்பர், 38'. பையனிடம் வாசித்தேன். "தொண்ணூறுன்னா மழை நாள் தானேண்ணே?" என்றான். கனமா தடிமனா என்பதை மட்டும் இன்னும் இரண்டு பேர் சொல்லுங்கள்.