cos தொடரை உறுப்பு உறுப்பாக வகையிட்டேன், பாதி மார்க் போச்சு. எங்கே தப்பு?

பாரியூர்க்காரி:
வணக்கமுங்க. எம்.எஸ்சி. முதல் வருசம், ரியல் அனாலிசிஸ். போன வாரத் தேர்வில் வந்த கேள்வி இது.

`W(x) = Σ (1/2)^n cos(13^n π x)`, n = 0, 1, 2, ...

இந்தச் சார்பு எல்லா இடத்திலும் தொடர்ச்சியானது, ஆனால் ஓர் இடத்தில்கூட வகையிட முடியாது என்று காட்ட வேண்டும். முதல் பாதி சிக்கல் இல்லை. cos எப்போதும் -1-க்கும் 1-க்கும் நடுவில்தான் இருக்கும், அதனால் n-ஆவது உறுப்பின் அளவு `(1/2)^n`-ஐத் தாண்டாது. x எதுவானாலும் இதே வரம்புதான், வரம்புகளைக் கூட்டினால் 2. எம் டெஸ்ட்படி தொடர் சீராக ஒருங்குகிறது, ஒவ்வொரு cos-உம் தொடர்ச்சியானது, ஆகவே W-உம் தொடர்ச்சியானது. இதற்கு முழு மார்க்.

இரண்டாம் பாதியில் உறுப்பு உறுப்பாக வகையிட்டேன். `-π (6.5)^n sin(13^n π x)` வந்தது. 6.5^n எகிறிக்கொண்டே போகிறது, எம் டெஸ்ட் இங்கே தோற்கிறது, ஆகவே வகைக்கெழு கிடையாது என்று முடித்தேன். பூஜ்யம் போட்டுப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான். ஏனுங்க, இதில் என்ன தப்பு?

சோமனூர்_தறி:
எம் டெஸ்ட் ஒருவழிப் பாதைங்க. பாஸானால் தொடர் ஒருங்கும், ஃபெயிலானால் ஒன்றும் சொல்ல முடியாது. நீங்க எம் டெஸ்டை இழுக்காமல், வகையிட்ட தொடரே விரிகிறது, அதனால் W-க்கு வகைக்கெழு இல்லை என்று நேராக எழுதியிருந்தால் முழு மார்க் வந்திருக்கும்.

பெருந்துறை_பெரியவர்:
தறிக்காரத் தம்பி முதல் பாதி சரி, இரண்டாம் பாதி போச்சு. அப்படி எழுதியிருந்தாலும் பூஜ்யம்தான்.

அம்மிணி, உன் வகையிட்ட தொடரில் x = 0 போடு. எல்லா sin-உம் பூஜ்யம். தொடர் விரியவே இல்லை, ஒழுங்காக 0-க்கு ஒருங்குகிறது. உன் வாதப்படி பார்த்தால் அங்கே வகைக்கெழு 0 என்றல்லவா ஆகும்? ஆனால் நிஜத்தில் என்ன நடக்கிறது பார். `W(0) = 2`. `h = 1/13` எடுத்தால் n = 1-லிருந்து வரும் எல்லா உறுப்பிலும் cos-க்குள் π-யின் ஒற்றைப்படை மடங்கு, ஆகவே cos = -1. அந்த உறுப்புகள் எல்லாம் 1-லிருந்து -1-க்குக் கவிழ்கின்றன, மொத்த இறக்கம் 2. n = 0 உறுப்பு 0.03 மட்டும் இறங்குகிறது. ஆக 2.03 இறக்கத்தை 1/13-ஆல் வகுத்தால் சாய்வு ஏறக்குறைய -26.4. `h = 1/169`-க்கு -171.5, `h = 1/2197`-க்கு -1115 பக்கம். சாய்வு எங்கேயும் நிற்கவில்லை.

எதிர்த்திசையிலும் இந்த வாதம் ஓடாது. `g_n = sin(4^n x)/2^n` என்று வைத்துக்கொள். முதல் உறுப்பு g_1, அப்புறம் g_2 - g_1, g_3 - g_2 என்று ஒரு தொடர். n-ஆவது உறுப்பு `3/2^n`-ஐத் தாண்டாது, எம் டெஸ்ட் பாஸ். n உறுப்புகளைக் கூட்டினால் மிஞ்சுவது g_n மட்டும், அது பூஜ்யத்துக்குப் போகிறது. ஆக மொத்தக் கூட்டல் வெறும் 0, அதை வகையிடச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் உறுப்பு உறுப்பாக வகையிட்டு x = 0-வில் கூட்டினால் 2^n, விரிகிறது. அந்தக் கேள்விக்குறி இதற்குத்தான்.

திருப்பூர்_நெட்:
நான் இதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், எனக்கு நேர்மாறாக வருகிறது. m ஏற ஏற சாய்வு பூஜ்யத்துக்குப் போகிறது. அப்போ x = 0-வில் வகையிடலாம் என்றுதானே அர்த்தம்?

```
import math
def W(x, N=5):
    return sum(0.5**n * math.cos(13**n * math.pi * x) for n in range(N))
for m in range(1, 9):
    h = 13.0**-m
    print(m, (W(h) - W(0)) / h)
```

m = 4-க்கு -3675, m = 5-க்கு -682, m = 8-க்கு -0.31.

பெருந்துறை_பெரியவர்:
நீங்கள் வகையிட்டது W-ஐ அல்ல, ஐந்தே ஐந்து cos-களின் கூட்டலை. எத்தனை cos-ஐக் கூட்டினாலும் எண்ணிக்கை முடிவுள்ளதாக இருந்தால் அது வழவழப்பான சார்புதான், 0-வில் சாய்வும் 0-தான். m = 4 வரை h கடைசி நெளிவின் உச்சியிலிருந்து பள்ளம் வரையாவது எட்டுகிறது, அதைத் தாண்டினால் கடைசி நெளிவின் உச்சிக்குள்ளேயே நின்று அளக்கிறீர்கள். N-ஐ 40 ஆக்கிப் பாருங்கள், எண்கள் ஏறிக்கொண்டே போகும். 13^15 வந்ததும் சாதாரண ஃப்ளோட்டில் cos-க்குள் இருக்கும் எண்ணின் கடைசி இலக்கங்கள் கரைந்துவிடும், ஆனால் அந்த உறுப்புகளின் உயரம் மிகச் சிறியது, இந்தக் கணக்கைக் கெடுக்காது.

பாரியூர்க்காரி:
x = 0 புரிந்துவிட்டது. ஆனால் 'எங்கேயும்' என்றல்லவா கேட்டிருக்கிறார்கள், மற்ற இடத்துக்கு?

பெருந்துறை_பெரியவர்:
அங்கேதான் வேலை. 0-வில் எல்லா உறுப்பும் ஒரே பக்கம் இழுத்தன. வேறு இடத்தில் முதல் m உறுப்புகள், அதாவது தலைப் பகுதி, எதிர்த்து இழுக்கலாம். வையர்ஸ்ட்ராஸ் 1872-இல் பெர்லின் அகாடமியில் காட்டிய வழி இது: `13^m x`-க்குப் பக்கத்து முழு எண் α-வை எடு, x-இலிருந்து `(α+1)/13^m`-க்கும் `(α-1)/13^m`-க்கும் போ. 13 ஒற்றைப்படை என்பதால் வால் உறுப்புகள் எல்லாம் ஒரே குறியில் சேர்கின்றன, வால் தரும் சாய்வு குறைந்தது `(2/3)(6.5)^m`. தலை எவ்வளவு எதிர்த்தாலும் `π(6.5)^m/5.5`-க்கு மேல் போகாது, அது 0.571 மடங்கு. 0.667-இல் 0.571 போனால் 0.095 மிச்சம், அதை 6.5^m பெருக்கிக்கொண்டே போகிறது. வலப்பக்கச் சாய்வும் இடப்பக்கச் சாய்வும் எதிரெதிர்க் குறி. முடிந்தது. உன் கேள்வியில் 1/2-ஐ a என்றும் 13-ஐ b என்றும் வைத்தால், அவர் `ab > 1 + 3π/2` என்று கேட்டதே இந்த மிச்சம் நேர்மமாக இருக்கத்தான். a = 1/2-க்கு 11.42-ஐத் தாண்டும் முதல் ஒற்றைப்படை எண் 13, உங்கள் வாத்தியார் அதைச் சும்மா எடுக்கவில்லை.

சோமனூர்_தறி:
அப்போ 13-க்குப் பதில் 3 போட்டால் வகையிடலாமா? 3/2 தானே, கண்டிஷன் அடிவாங்குது.

பெருந்துறை_பெரியவர்:
கண்டிஷன் உடைந்தால் இந்த நிரூபணம்தான் உடைகிறது தம்பி, முடிவு அல்ல. `ab ≥ 1` இருந்தாலே போதும் என்று ஹார்டி 1916-இல் காட்டினார், ஆனால் அது வேறு வழி, தேர்வில் எழுத முடியாது.

பாரியூர்க்காரி:
x = 1/2-இல் போட்டுப் பார்த்தேனுங்க, m = 1. `W(1/2) = 0`, α = 6. வலப்பக்கம் `7/13`-க்குப் போனால் சாய்வு -29.1. இடப்பக்கம் `5/13`-க்குப் போனால் வால் மட்டும் +8.67 தருகிறது, தலை அதில் 3.07-ஐத் தின்றுவிட்டது, மிச்சம் +5.6. m = 2-க்கு இடப்பக்கம் +33.2. தலை எதிர்ப்பது கண்ணுக்கே தெரிகிறது.

திருப்பூர்_நெட்:
N=40 போட்டேன், ஏறுதுங்க. ஆனா 13-ஐ 12 ஆக்கினாலும் ஏறிக்கிட்டேதான் போகுது, ஒற்றைப்படை எதுக்கு வேணும்னு எனக்கு இன்னும் பிடிபடல.