பணி விலகல் கடிதத்தில் வரும் ‘தொடரும் கடமைகள்’: சரியான தமிழ்ச்சொல் எது?

ராணிப்பேட்டை, டேனரி மனிதவளப் பிரிவு:

குழுவினருக்கு வணக்கம். தோல் பதனிடும் எங்கள் டேனரியில் ஃபினிஷிங் டெக்னீஷியன் ஒருவர் 8 வருடம் வேலை பார்த்துவிட்டு ராஜினாமா கொடுத்திருக்கிறார். ராஜினாமாவை ஏற்கும் கடிதத்தை முதல்முறையாகத் தமிழில் தயாரித்தேன். வேலையை விட்ட பிறகும் கம்பெனி ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது, போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்று நினைவுபடுத்தும் ஒரு பத்தி அதில் உண்டு. அதற்குத் ‘தொடரும் கடமைகள்’ என்று தலைப்புக் கொடுத்து, உள்ளே ‘இரகசியம் காத்தல்’, ‘போட்டியிடாமை’ என்று எழுதினேன்.

படித்துவிட்டு அவர் கேட்டது: “கடமை தொடரும்னு போட்டிருக்கே மேடம், 30ஆம் தேதிக்கு அப்புறமும் நான் வேலைக்கு வரணுமா?” போட்டியிடாமை என்றதும் சங்கத் தேர்தலில் நிற்கக்கூடாது என்று புரிந்துகொண்டிருக்கிறார். கையெழுத்துப் போடுகிறவருக்கே புரியாத சொல்லை வைத்து என்ன நினைவூட்ட முடியும்? நல்ல சொற்கள் வேண்டும்.

வாலாஜா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, அவர் குழம்பியதில் வியப்பில்லை. ‘தொடரும்’ என்றால் நம் காதில் வேலையே தொடர்வதுபோல்தான் விழும். ‘எஞ்சுகடமை’ என்று வைக்கலாம். இது வினைத்தொகை. எஞ்சிய கடமை, எஞ்சுகின்ற கடமை, எஞ்சும் கடமை என்று முக்காலமும் அதில் அடங்கும். வேலை முடிந்தபின் மிஞ்சி நிற்பது என்ற பொருளும் கிடைக்கிறது. ரகசியத்துக்கு ‘மறைகாப்பு’ என்று சொல்லலாம், பழந்தமிழில் மறை என்றால் ரகசியமும்தான். மூன்றாவதற்குப் ‘போட்டித்தடை’ போதும்.

வேலூர், கணக்கு ஆலோசகர்:

சொல் தேடுவதற்கு முன் ஒன்று சொல்கிறேன். இந்தியாவில் இந்த மாதிரி நிபந்தனை எதுவும் கோர்ட்டில் நிற்காது. செல்லாத ஒன்றுக்குப் பெயர் எதற்கு? செல்ல வேண்டுமென்றால் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காட்பாடி, வழக்கறிஞர்:

ஆலோசகர் சொல்வதில் பாதி சரி. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வேலையை விட்ட பிறகு இன்னொரு டேனரியில் சேராதே என்பது அதில் மாட்டிக்கொள்ளும். அதை முத்திரைத்தாளில் எழுதினாலும் செல்லாததுதான். ஆனால் ரகசியக் காப்பு வேறு விஷயம். அது அவரை வேலை செய்யவிடாமல் தடுப்பதில்லை, உங்களுடைய பொருளை எடுத்துப்போகாமல்தான் தடுக்கிறது. இரண்டையும் ஒரே பத்தியில் ஒரே தொனியில் எழுதுவதால்தான் ஒன்று விழும்போது மற்றதும் விழுந்துவிட்டதாக ஆட்கள் நினைக்கிறார்கள்.

அதனால் ஆசிரியர் ஐயாவின் ‘போட்டித்தடை’யை என்னால் ஏற்க முடியவில்லை. தடை என்றதும் சட்டமே தடுப்பதாக அந்தத் தொழிலாளி பயந்துபோவார். அவர் ஒரு காலத்தில் கொடுத்த வாக்குதான் அது. ‘போட்டித் தவிர்ப்பு’ என்றால் அளவாக இருக்கும்.

மேடத்துக்கு ஒரு கேள்வி. அவருடைய நியமனக் கடிதத்தில் இந்த இரண்டும் உண்டா?

ராணிப்பேட்டை:

ரகசியம் பற்றி 11ஆவது ஷரத்து இருக்கிறது சார். போட்டி பற்றி இருப்பது, வேலையில் இருக்கும்போது வேறு எங்கும் வேலை செய்யக்கூடாது என்பது மட்டும்தான். ‘2 வருடத்துக்கு ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரி எதிலும் சேரக்கூடாது’ என்ற வரியை இந்தக் கடிதத்தில் சேர்க்கச் சொன்னது முதலாளி.

காட்பாடி, வழக்கறிஞர்:

அப்படியானால் அது நினைவூட்டலே இல்லை. முன்பு ஒப்புக்கொள்ளாத ஒன்றை எப்படி நினைவுபடுத்துவீர்கள்? அது புதிய நிபந்தனை. போகிற நேரத்தில் நீங்களாக ஒரு கடிதத்தில் எழுதிவிட்டால் அவரைக் கட்டாது. கையெழுத்து வாங்கினாலும் 27ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். கையெழுத்துப் போட்டால்தான் கிராஜுவிட்டி என்று நிறுத்திவைக்கவும் கூடாது, அதை 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த வரியை எடுத்துவிடுங்கள். நியமனக் கடிதத்தின் தேதியையும் ஷரத்து எண்ணையும் சொல்லி, அதில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்.

ஆம்பூர், ஷூ கம்பெனி சூப்பர்வைசர்:

அண்ணே, என் கதையும் இதேதான். பழைய கம்பெனியில் ரிலீவிங் லெட்டரிலேயே ‘ரகசியத்தை மீறினால் சட்ட நடவடிக்கை’ என்று அடித்துக் கொடுத்தார்கள். புதுக் கம்பெனியில் அதைப் பார்த்ததும் நான் ஏதோ திருடிக்கொண்டு வந்தவன் மாதிரி கேள்வி கேட்டார்கள். மூன்று வாரம் இழுத்துத்தான் வேலை கிடைத்தது. அப்புறம், எஞ்சுகடமை என்றதும் எனக்குப் பாக்கி என்றுதான் பட்டது. ஏதோ அட்வான்ஸ் திருப்பிக் கட்டணும் போல. இன்னொன்று, நோட்டீஸ் காலத்தில் வேறு இடத்தில் சேர்ந்துவிடலாமா?

காட்பாடி, வழக்கறிஞர்:

சேரக்கூடாது தம்பி. நோட்டீஸ் ஓடும்வரை நீங்கள் அந்தக் கம்பெனி ஊழியர்தான். வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு வேறு கணக்கு. 1967இல் டயர் நூல் ஆலை ஊழியர் ஒருவர் 5 வருட ஒப்பந்தத்தை முடிக்காமல் இன்னொரு ஆலைக்குப் போன வழக்கில், அந்தக் காலத்துக்குள் போட்டி ஆலையில் வேலை செய்வதைத் தடுத்தது சரிதான் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

தம்பிக்கு நடந்ததில் உங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது மேடம். ரிலீவிங் லெட்டர் அடுத்த முதலாளி கண்ணில் படும் காகிதம். அதில் பணிக்காலம், பதவி, விடுவித்த தேதி மட்டும் இருக்கட்டும். நினைவூட்டல் ராஜினாமாவை ஏற்கும் கடிதத்தில்தான் வரவேண்டும், அது அவருக்கும் உங்களுக்கும் இடையில் உள்ளது. நோட்டீஸ் காலம் தொடங்கும்போதே கையில் கிடைப்பதால் அந்தக் காலம் முழுவதும் அது உதவும்.

வாலாஜா, தமிழாசிரியர்:

ஆம்பூர்த் தம்பி சொன்னது நியாயம். எஞ்சு என்பது கடன்பாக்கியை நினைவூட்டுகிறது. அதை விட்டுவிடுகிறேன். ‘நீள்கடமை’ எப்படி? இதுவும் வினைத்தொகைதான், முன்பே தொடங்கி நீண்டு செல்வது. புதிதாக முளைத்த நிபந்தனையை இந்தச் சொல்லுக்குள் நுழைக்க முடியாது, வழக்கறிஞர் வற்புறுத்துவதும் அதைத்தானே! போட்டித்தடையை மட்டும் நான் விடுவதாக இல்லை. உடன்படிக்கை செல்லுமா என்பது வேறு, உடன்படிக்கைக்குப் பெயர் என்ன என்பது வேறு.

ராணிப்பேட்டை:

நீள்கடமையை எங்கள் டெக்னீஷியனிடமே சொல்லிப் பார்த்தேன் ஐயா. “வேலை முடிஞ்சும் நீளுற பொறுப்புன்னு சொல்றீங்க” என்று உடனே பிடித்துக்கொண்டார். ஆனால் ஒன்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை. “எது ரகசியம்? என் கையில இருக்கிற வேலையை மறந்துட்டா போகணும்?”

காட்பாடி, வழக்கறிஞர்:

சரியான கேள்வி. தோல் எடையில் 8 சதவீதம் குரோம் பவுடர் போடுவது தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும், அது ரகசியமில்லை. தோலைத் தொட்டதும் ஸ்ப்ரேயை எவ்வளவு கூட்டுவது என்று அவருக்குத் தெரிவது அவர் கைத்திறன், அது அவருடனே போகும். தோல் வாங்கும் ஒரு பையருக்காக நீங்கள் சோதனை செய்து பிடித்த பைண்டர், பிக்மென்ட் அளவு, அந்த ரெசிபி நோட்டு, ஸ்வாட்ச் என்கிற மாதிரித் தோல் துண்டு, பையருக்குக் கொடுத்த விலை, இவைதான் கம்பெனியின் மறை. பத்தியில் இவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ‘அனைத்துத் தகவல்களும்’ என்று எழுதினால் ஒன்றும் தேறாது. நோட்டு, ஸ்வாட்ச், போனில் இருக்கும் ரெசிபிப் படங்கள் திரும்பக் கொடுக்கப்பட்டதா, அழிக்கப்பட்டதா என்று கடைசி நாளில் ஒரு பட்டியலில் இருவரும் கையெழுத்திடுங்கள். பின்னால் தகராறு வந்தால் பேசப்போவது அந்தப் பட்டியல்தான். ரெசிபியை மனப்பாடமாகவே வைத்திருக்கும் ஆளிடம் இதை நிரூபிப்பது கடினம், அதையும் முதலாளியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ராணிப்பேட்டை:

முதலாளியிடம் பேசி 2 வருட வரியை எடுத்துவிட்டேன். இப்போது பத்தி இப்படி இருக்கிறது:

“நீள்கடமை நினைவூட்டல்: தங்கள் நியமனக் கடிதத்தின் 11ஆவது ஷரத்தில் தாங்கள் ஏற்றுக்கொண்ட மறைகாப்புக் கடமை, பணியிலிருந்து விலகிய பிறகும் நீடிக்கும். ஃபினிஷிங் ரெசிபிகள், ஸ்வாட்ச்கள், பையர் விலைகள் ஆகியவற்றை அது குறிக்கும். தங்கள் தொழில் திறனை வேறு எங்கும் பயன்படுத்துவதற்கு இது தடையாகாது. நோட்டீஸ் காலம் முடியும் வரை வேறு நிறுவனத்தில் பணியாற்ற வேண்டாம்.”

போட்டித்தடையா, போட்டித் தவிர்ப்பா என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவைப்படவில்லை. ஆனால் மேனேஜர்களின் நியமனக் கடிதத்தில் அந்த ஷரத்து இருக்கிறது, அடுத்த வாரம் ஒருவர் கிளம்புகிறார்.

வேலூர், கணக்கு ஆலோசகர்:

‘போட்டி விலக்கு’ என்று வைக்கலாமே?

வாலாஜா, தமிழாசிரியர்:

மதுவிலக்கு என்றால் மது கூடாது, வரிவிலக்கு என்றால் வரி வேண்டாம். இதில் எந்த விலக்கு என்று அந்த மேனேஜர் எடுத்துக்கொள்வார்?