‘லேர்னிங் வித் எரர்ஸ்’: தமிழில் என்ன சொல்லலாம்?

தேன்மொழி:
அனைவருக்கும் வணக்கம். குறியாக்கவியல் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ‘லேர்னிங் வித் எரர்ஸ்’ என்ற கணக்குச் சிக்கலின் பெயரில் இரண்டு நாளாக நிற்கிறேன். ‘பிழையோடு கற்றல்’ என்று எழுதினேன். திரும்பப் படித்தால், மாணவர் தப்பும் தவறுமாகப் படிப்பதுபோல் இருக்கிறது. ‘பிழைபடக் கற்றல்’ அதைவிட மோசம். லாட்டிஸ் எனும் சீரான புள்ளியடுக்கை அடிப்படையாகக் கொண்ட குறியாக்க முறைகள் பலவும் இந்தச் சிக்கலை நம்பித்தான் நிற்கின்றன. பாடம் முழுக்க வரும் பெயர் என்பதால் ஏனோதானோவென்று வைக்க மனமில்லை.

மல்லிகா:
‘தவறிலிருந்து கற்றல்’ பொருந்தாதா தேன்மொழி? என் வகுப்பில் பிள்ளைகள் தப்பாகப் போட்ட கணக்கை அழிக்கவிடமாட்டேன். பக்கத்திலேயே திரும்பப் போடச் சொல்வேன். எந்த வரியில் சறுக்கினார்கள் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கதிர்:
மல்லிகா அக்கா, இங்கே கற்பவர் தவறு செய்வதில்லை. அவரிடம் கொடுக்கப்படும் சமன்பாடுகளில்தான் பிழை இருக்கிறது, அதுவும் வேண்டுமென்றே கலந்தது. ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிட்டால் பெயர் வைப்பது எளிதாகும்.

x, y இரண்டும் ரகசியம். 17-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்கிறோம். வெளியே தருவது இவ்வளவுதான்:

```
3x +  5y ≈ 14  (mod 17)
8x +  3y ≈  1  (mod 17)
6x + 11y ≈  0  (mod 17)
```

ஒவ்வொரு விடையிலும் −1, 0, 1 மூன்றில் ஒன்று ரகசியமாகக் கூட்டப்பட்டிருக்கிறது. பிழையே இல்லை என்று நினைத்து, பள்ளியில் செய்ததுபோல் முதல் இரண்டிலிருந்து x-ஐ நீக்குங்கள். முதலாவதை 8-ஆலும் இரண்டாவதை 3-ஆலும் பெருக்கிக் கழித்தால் 31y = 109, அதாவது 14y = 7. அதிலிருந்து y = 9, x = 1. இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்த்தால் அச்சாகப் பொருந்தும். ஆனால் உண்மையான ரகசியம் x = 4, y = 7.

எங்கே கெட்டது? முதல் விடையில் +1, இரண்டாவதில் −1 கலந்திருந்தது. 8-ஆலும் 3-ஆலும் பெருக்கியபோது பிழையும் கூடவே பெருகி 8 + 3 = 11 ஆகிவிட்டது. 17-க்குள் 11 என்றால் விடையே அடித்துக்கொண்டு போய்விட்டது. காட்டிக்கொடுப்பது மூன்றாவது சமன்பாடு. x = 1, y = 9 என்று அதில் போட்டால் 3 வரும். தந்திருப்பதோ 0. ஒன்றுக்கு மேல் விலகக் கூடாது என்பதால் இந்த விடை செல்லாது. சரியான 4, 7-ஐப் போட்டால் 16 வரும், 0-க்கு ஒன்றுதான் குறைவு.

இங்கே 289 சோடிகளையும் போட்டுப் பார்த்து ஆளைப் பிடித்துவிடலாம். ஃபுரோடோ-640 என்ற குறியாக்க முறையில் ஒரு சமன்பாட்டுக்கே 640 ரகசிய எண்கள், மீதி எடுப்பது 32768-ஆல். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை.

இரவி:
புள்ளியியல் படித்தவர்கள் இதற்கு ஏன் பயப்பட வேண்டும்? பிழை சிறியது, நடுவே பூச்சியம். ஆயிரக்கணக்கில் சமன்பாடுகளைச் சேர்த்துக் குறைந்த வர்க்க முறையில் தீர்த்தால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அளவீட்டுத் தரவில் நாங்கள் தினமும் செய்வது இதுதான். அதனால் ‘இரைச்சற் சமன்பாடு’ என்று வைத்துவிட்டுப் போகலாம்.

கதிர்:
மீதி எடுக்காவிட்டால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, இரவி. அப்போது இது சிக்கலே இல்லை. மீதி எடுத்தவுடன் எண்கோடு வட்டமாகிவிடுகிறது. 16-க்கு அடுத்தது 0. தப்பான ரகசியத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் விலகலும் கொஞ்சம் குறையும் என்பதுதான் குறைந்த வர்க்க முறையின் பிடிமானம். வட்டத்தில் அது போய்விடுகிறது. மேலே கிடைத்த y = 9, உண்மையான 7-க்குப் பக்கத்தில் இருப்பது தற்செயல். அதை வைத்து நெருங்கிவிட்டோம் என்று சொல்ல முடியாது.

பெயரில் ‘கற்றல்’ வருவதற்கும் காரணம் உண்டு. மாதிரிகளைப் பார்த்து மறைந்திருக்கும் விதியைக் கண்டறிவதைக் கணினியியலில் கற்றல் என்பார்கள். 2-ஆல் வகுத்த மீதியோடு இதே வகைச் சிக்கல் முன்பே இருந்தது. அதைப் பெரிய எண்களுக்கு விரித்து, புள்ளியடுக்குச் சிக்கல்களோடு இணைத்துக் காட்டியவர் ஓடெட் ரெகெவ், 2005-இல்.

அருணாசலம்:
தம்பி கதிரின் விளக்கம் நன்று. ‘பிழை’ எனக்கு ஒப்பவில்லை. பிழைத்தல் என்றால் தவறுதல், உயிர் தப்புதல் என இரு பொருளும் உண்டு. குறி தவறிய அம்பும் பிழைக்கும், அதற்குத் தப்பிய மானும் பிழைக்கும். ஒரே நிகழ்ச்சியை இரு பக்கமும் நின்று பார்த்த சொல் அது என்று நெடுநாளாக எண்ணி வருகிறேன். எப்படியாயினும் அது அறியாமல் நேர்வது. இங்கோ அறிந்தே இடுகிறார்கள்.

அறிந்து செய்யும் தவற்றுக்கு நம் இலக்கணத்தில் பெயரே உண்டு: வழுவமைதி. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை வழு. உவப்பினால் சொன்னதால் அமைக்கப்படுகிறது. ஆகவே ‘வழுவமைச் சமன்பாடு’ என்க. ‘உடன்’, ‘ஒடு’ என்று மூன்றாம் வேற்றுமையோடு மல்லுக்கட்டவும் வேண்டாம்.

தேன்மொழி:
ஐயா, மிக அழகாக இருக்கிறது. ஆனால் மென்பொருள் தமிழாக்கத்தில் ‘வழு’ என்றால் நிரலில் இருக்கும் கோளாறு. அது ஊன்றிவிட்டது. ‘வழுவமை’ என்று படித்ததும் திருத்த வேண்டிய ஏதோ ஒன்று என்றுதான் மாணவர் நினைப்பார்.

‘கலங்கற் சமன்பாடு’ என்றால் என்ன? கலங்கிய நீரில் நீர் இருக்கத்தான் செய்கிறது, அடிதான் தெரியாது.

கதிர்:
கலங்கல் பிடித்திருக்கிறது. ஒரு தயக்கம்: கலங்கல் சும்மா விட்டால் தெளிந்துவிடும். இது தெளியாது. ரகசியம் தெரிந்தவருக்கு மட்டும்தான் தொந்தரவு இல்லை.

அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒருவர் 1 என்ற ஒரு பிட்டை அனுப்ப வேண்டும். முதல் சமன்பாட்டையும் மூன்றாவதையும் கூட்டுகிறார்: 9x + 16y ≈ 14. 17-இல் பாதியாக 8-ஐ விடையோடு சேர்த்தால் 22, அதாவது 5. அனுப்ப வேண்டியது 0 என்றால் எதையும் சேர்க்கமாட்டார். இடப்பக்க எண்களையும் இந்த 5-ஐயும் அனுப்புகிறார். 4, 7 எனக்குத் தெரியும். போட்டால் 12 வருகிறது. 5-இலிருந்து 12-ஐக் கழித்தால் வட்டத்தில் 10. இது 0-க்குத் தூரம், 8-க்குப் பக்கம். ஆக அனுப்பியது 1. கூட்டும்போது பிழை 2 மட்டுமே ஆனது. உடைக்க வருபவர் பெருக்கி நீக்க வேண்டியிருப்பதால் அவருக்குப் பிழை பெருகுகிறது, எனக்குக் கூடுவதோடு சரி. அளவுக்கு மேல் சமன்பாடுகளைக் கூட்டினால் எனக்கும் பிட் தப்பிப்போகும். அதனால்தான் பிழையின் அளவைப் பார்த்துப் பார்த்து வைக்கிறார்கள்.

இரவி:
வட்டம் என்றது புரிந்தது, குறைந்த வர்க்கத்தை விட்டுவிடுகிறேன். பெயர் விஷயத்தில் விடமாட்டேன். ‘எல்.டபிள்யூ.இ.’ என்று தமிழெழுத்தில் போடுங்கள். மாணவர் நாளை ஆய்வுக்கட்டுரை படிக்கும்போது அதைத்தான் பார்ப்பார்.

மல்லிகா:
சுருக்கப் பெயர் மட்டும் போட்டால் என் பிள்ளைகள் மனப்பாடம்தான் செய்வார்கள். ‘பிழையுறு’ என்றால் என்ன? பிழை இருப்பது சமன்பாட்டில் என்று சொல்லிவிடலாமே.

தேன்மொழி:
‘பிழையுறு சமன்பாட்டுக் கற்றல்’. கதிர் சரி என்கிறார், இரவி அடைப்புக்குள் எல்.டபிள்யூ.இ. வந்தால் போதும் என்கிறார். இப்போதைக்கு இப்படியே அனுப்புகிறேன்.

அருணாசலம்:
அனுப்புக. ஆனால் ‘பிழையுறு சமன்பாடு’ என்பது வினைத்தொகை, பிழை தானே வந்து உற்றதாகத்தான் பொருள் தரும். இட்டவர் ஒருவர் இருக்கிறார் என்பது அதில் இல்லை. ‘பிழையிடு’ என்றாவது வையுங்கள் அம்மா. என் மறுப்பைக் குழுவில் பதிவு செய்கிறேன்.

கதிர்:
‘பிழையிடு’… ஐயா சொல்வதில் பொருள் இருக்கிறது. தேன்மொழி, அனுப்பிவிட்டீர்களா?