கார் பயணம், பெட்ரோல் செலவைப் பங்கு பிரிக்கிறது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

பின்சீட்டு பஞ்சாயத்து
நாலு பேர், வேளச்சேரியிலிருந்து கொடைக்கானல், என் பெட்ரோல் கார். கிளம்புறதுக்கு முன்னாடி நண்பன் ஒருத்தன் வாட்ஸ்அப்ல கணக்கு போட்டான். போக 520, வர 520, மொத்தம் 1040 கிலோமீட்டர். மைலேஜ் 20, அப்போ 52 லிட்டர். லிட்டர் 101 ரூபாய்னா 5252, தலைக்கு 1313. எல்லாரும் கட்டைவிரல் போட்டாச்சு.

திரும்பி வந்து வீட்டுப் பக்கத்து பங்க்லயே மறுபடி ஃபுல் பண்ணேன். கிளம்பும்போதும் அங்கேதான் ஃபுல் பண்ணியிருந்தேன். எல்லா பில்லையும் கூட்டினா 76.2 லிட்டர், 7720 ரூபாய். தலைக்கு 1930. சொல்லி முடிக்கல, கணக்கு போட்ட அதே நண்பன் பின்சீட்லருந்து எக்கி டேஷ்போர்டை போட்டோ எடுத்தான். "மச்சான், உன் வண்டியே 19.8 காட்டுது. பில்லு எப்படி 76 லிட்டர் வரும்?" பங்க் பையன் நாசிலைக் கையில வச்சுக்கிட்டே எங்க மூஞ்சியைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் இன்னும் போகமாட்டேங்குது. பணம் 1313 வீதம்தான் வந்துச்சு.

மலையேறி
எனக்கும் இதே மாதிரி ஏற்காட்ல நடந்தது, ஆனா அதுல பிரச்சினை பார்க்கிங் காசு. உங்க விஷயத்துல நண்பர் சொல்றதுல தப்பு இல்லையே? ஏறும்போது குடிக்கிற பெட்ரோல் இறங்கும்போது மிச்சமாகிடும். ஏத்தத்துல 8 குடுக்கும், இறக்கத்துல 25 குடுக்கும், சராசரி 16.5. சமவெளியில 17 குடுக்கிற வண்டிக்கு மலையால பெரிய நஷ்டம் எதுவும் கிடையாது.

வாடகை வண்டி 15 வருஷம்
தம்பி, அந்த போட்டோவுல ட்ரிப் மீட்டர் எத்தனை கிலோமீட்டர் காட்டுச்சு, பாருங்க.

பின்சீட்டு பஞ்சாயத்து
412.

வாடகை வண்டி 15 வருஷம்
அங்கேதான் இருக்கு விஷயம். திண்டுக்கல்ல பெட்ரோல் போட்டிருப்பீங்க. சில வண்டியில டேங்க் நிரப்பினதும் சராசரி தானா பூஜ்யத்துலருந்து தொடங்கும், செட்டிங்ல இருக்கு. அப்போ 19.8ங்கிறது திண்டுக்கல்லருந்து சென்னை வரைக்கும் நாலு வழிச் சாலையில ஓடினதுக்கு மட்டும். மலையோ, கொடைக்கானல் ஊருக்குள்ள சுத்தினதோ அதுல ஒரு கிலோமீட்டர்கூட இல்ல. திண்டுக்கல்லயும் ஃபுல்லா போட்டிருந்தா, கடைசி பில் எத்தனை லிட்டர்?

பின்சீட்டு பஞ்சாயத்து
ஆமா, ஆட்டோ கட் ஆகுற வரைக்கும்தான் போட்டேன். கடைசி பில் 23.2 லிட்டர்.

வாடகை வண்டி 15 வருஷம்
412ஐ 23.2ஆல வகுங்க, 17.8 வருது. அதே ரோட்டுக்கு டேஷ்போர்டு 19.8 சொல்லுது. டேஷ்போர்டு கொஞ்சம் பெருமையாத்தான் பேசும், எந்த வண்டியா இருந்தாலும். எங்க ஸ்டாண்டுல அதை நம்பி யாரும் கிலோமீட்டர் ரேட் சொல்ல மாட்டோம். டேங்க் டு டேங்க் மட்டும்தான். ஒரே பங்க், முடிஞ்சா ஒரே பம்ப், முதல் 'டக்' கேட்டதும் நிறுத்தணும். ரவுண்டா வரட்டும்னு மேல ஊத்தினா ஒண்ணு ரெண்டு லிட்டர் இப்படி அப்படிப் போயிடும்.

உங்க பயணத்தைப் பிரிச்சுப் பார்க்கிறேன். மொத்தம் எவ்வளவு ஓடுச்சு?

பின்சீட்டு பஞ்சாயத்து
1180.

வாடகை வண்டி 15 வருஷம்
அப்போ 1040ங்கிறதே முதல் ஓட்டை. மேப் ஹோட்டல் வாசலோட முடிஞ்சிடும், நீங்க முடிக்கலையே. சமவெளி 1000ன்னு வச்சு 17ஆல வகுத்தா 59 லிட்டர் கிட்ட. வத்தலக்குண்டு தாண்டி ஏத்தம் 55 கிலோமீட்டர், 8 குடுத்தா 7 லிட்டர். இறக்கம் அதே 55, 25 குடுத்தா 2 லிட்டருக்குச் சொச்சம். ஏரி, பூம்பாறைன்னு மேலேயே சுத்தினது 70, அது 9தான் குடுக்கும், 8 லிட்டர் கிட்ட. கூட்டிப் பாருங்க, 76 சுமார் வரும். உங்க பில் சரி.

மலையேறி
நான் சொன்ன சராசரியை யாரும் மறுக்கலையே.

டொராண்டோ பெரியப்பா
நான் மறுக்கிறேன். இங்கே கனடாவுல வண்டிக் கணக்கே வேற மாதிரி. 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்னுதான் எழுதுவாங்க. உங்க 8ங்கிறது எங்களுக்கு 12.5 லிட்டர், 25ங்கிறது 4 லிட்டர். ஏறின தூரமும் இறங்கின தூரமும் ஒண்ணுதானே, அப்போ ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா 8.25. திருப்பிப் போட்டா லிட்டருக்கு 12 கிலோமீட்டர். நீங்க சொன்ன 16.5 இல்ல. கூட்டவேண்டியது லிட்டரை, மைலேஜை இல்ல.

ரெண்டு வருஷம் முந்தி ஊருக்கு வந்தப்ப ஒரு வண்டிக்காரரோட இதே கணக்குல மூணாறு வரைக்கும் சண்டை. பாதி வழியில அவர் பேச்சையே நிறுத்திட்டார்.

மலையேறி
ஆனா 25ங்கிறது குறைச்சல். கியர்ல இறங்கினா ஆக்ஸிலரேட்டர் தொடாத நேரம் இன்ஜின் பெட்ரோலே எடுக்காது. 40கூட வரும்.

வாடகை வண்டி 15 வருஷம்
வரும். 40ன்னே வச்சுக்குங்க. இறக்கத்துக்கு 2.2க்குப் பதிலா 1.4 லிட்டர். மிச்சம் முக்கால் லிட்டர். ஏறினப்போ போன 7 லிட்டர் போனதுதான்.

சிக்கன சிகாமணி
எங்க மாமனார் வீட்டுக்குப் போனப்போ பங்கு பிரிக்கிற பேச்சே வரல, அதான் என் அனுபவம். ஆனா எல்லாரும் ஒண்ணை மறந்துட்டீங்க. திண்டிவனத்துல வண்டியைப் பாண்டிச்சேரிக்குத் திருப்பியிருக்கணும். அங்கே நம்மை விட லிட்டருக்கு நாலஞ்சு ரூபாய் குறைச்சல், வாட் வித்தியாசம். காத்து ரெண்டு பாயிண்ட் கூட வச்சுக்கணும். ஹைவேல 80க்கு மேல போகக்கூடாது, 110ல போனா காத்தைத் தள்ளுறதுக்கே பெட்ரோல் போகும். மேல லக்கேஜ் கேரியர் இருந்தா கழட்டிடணும். மலையில ஏசி ஆஃப், ஜன்னல் திற. டிக்கியில இருக்கிற பழைய சாமானையெல்லாம் இறக்கி வை. காலையில 6 மணிக்குத்தான் புது விலை வரும், அதனால முந்தின நாள் ராத்திரியே போட்டுடணும்னு எங்க அப்பா சொல்வார்.

வாடகை வண்டி 15 வருஷம்
ஐயா, விலை ஏறப்போகுதா இறங்கப்போகுதான்னு முந்தின ராத்திரி உங்களுக்கு எப்படித் தெரியும்? பாண்டிக்குப் போய் திண்டுக்கல் ரோட்டுக்கே திரும்பி வர குறைஞ்சது 40 கிலோமீட்டர் கூடுதல்னு வைங்க, 240 ரூபாய் பெட்ரோல். 40 லிட்டருக்கு அஞ்சு ரூபாய் மிச்சம்னா 200. அந்த வழியாவே போறவங்களுக்குத்தான் லாபம். காத்து, 80 வேகம் ரெண்டும் சரி.

பழைய வண்டி
E20 பெட்ரோல் வந்த பிறகு என் 2014 மாடல்ல மைலேஜ் அஞ்சுல ஒரு பங்கு போச்சு. அதையும் கணக்குல சேருங்க.

டொராண்டோ பெரியப்பா
எத்தனாலுக்குச் சக்தி பெட்ரோல்ல மூணுல ரெண்டு பங்குதான், சரி. 20 சதவீதம் கலந்தா மொத்தத்துல 7 சதவீதம் கிட்டக் குறையணும், 20 எப்படிக் குறையும்?

பழைய வண்டி
நீங்க கனடாவுல உக்காந்து சொல்றீங்க. நான் இங்கே பங்க்ல காசு குடுக்கிறேன்.

கூட்டு வட்டி
இந்தச் சண்டை இருக்கட்டும். 7720ஐ நாலால வகுத்தது எனக்குச் சரியாப் படலை. வண்டி அவருது, ஓட்டினதும் அவர். எங்க குழுவுல ஓட்டுறவரை விட்டுட்டு மூணால வகுப்போம், தலைக்கு 2573. டயர், சர்வீஸ் எல்லாம் அதுல அடங்கிடும்.

சிக்கன சிகாமணி
அவர் என்ன நடந்தா வந்தார்? அவரும்தானே கொடைக்கானல் பார்த்தார்?

பின்சீட்டு பஞ்சாயத்து
வாடகை வண்டி அண்ணன் போட்ட கணக்கை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டேன். அந்த நண்பன் பதில்: "சரி, 9 எப்படி வந்துச்சு, ஊருக்குள்ள சுத்தினதுக்கு பில் இருக்கா?"

வாடகை வண்டி 15 வருஷம்
இருக்காதுதான். அது என் அனுமானம். திண்டுக்கல் ஃபுல்லுக்கு முன்னாடி போட்ட பில்லை எல்லாம் கூட்டினா 53 லிட்டர், ஓடினது 768. அந்தப் பாதிக்கு 14.5. இதுக்கு மேல அவர் கேட்டா அடுத்த தடவை அவர் வண்டியில போங்க.