காம்பு வெடிப்பு: பழகிவிடுமா, பிடிப்பை மாற்ற வேண்டுமா?

புது அம்மா: சிசேரியன் ஆகி 11 நாள். இரண்டு காம்பும் வெடித்துவிட்டன, இடதில் ரத்தம் கசிகிறது. பத்து நாளில் பழகிவிடும் என்றார்கள். இன்னும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

ஈரோட்டு அத்தை: தோல் கெட்டிப்பட்டால் வலி போய்விடும் கண்ணு. தேங்காய் எண்ணெய் தடவு. நாங்கள் எல்லாம் அப்படித்தான் வளர்த்தோம்.

பிரசவ வார்டு நர்ஸ்: எண்ணெய் புண்ணுக்கு இதமாக இருக்கலாம் அத்தை, ஆனால் புண் ஏன் வந்தது? முதல் வாரத்தில் வாய் வைத்ததும் அரை நிமிடம் சுரீர் என்பது சகஜம். குடித்து முடிக்கும்வரை வலித்தால், குழந்தை மார்பைக் கவ்வும் பிடிப்பு சரியில்லை. குழந்தை வாயை எடுத்ததும் காம்பைப் பாரும்மா. உருண்டையாக இருக்கிறதா, லிப்ஸ்டிக் முனைபோலச் சரிந்திருக்கிறதா?

புது அம்மா: லிப்ஸ்டிக் மாதிரியேதான். நுனியில் வெள்ளைக் கோடு வேறு.

ரெண்டு பிள்ளைக்காரி: பால் பத்தவில்லை என்றால் பவுடர் பால் கொடுங்களேன்.

பிரசவ வார்டு நர்ஸ்: பால் பத்தவில்லை என்று அவர் சொல்லவே இல்லையே. காம்பு மட்டும் வாய்க்குள் போய், கெட்டியான மேல்வாயில் நசுங்குகிறது. அது உள்ளே மெத்தென்ற இடம்வரை போக வேண்டும்.

தையல் இருப்பதால் குழந்தையை உன் கக்கத்துக்கு அடியில் படுக்க வை, கால் உன் முதுகுப் பக்கம் போகட்டும். உள்ளங்கை அதன் தோளைத் தாங்கட்டும், பின்னந்தலையைத் தொடாதே. காம்பு மூக்குக்கு நேராக இருக்கட்டும். மேலுதட்டில் உரசினால் தலையை அண்ணாந்து கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறக்கும். அந்த நொடியில் தோளோடு சேர்த்து அருகில் இழு. முதலில் தாடை பட வேண்டும். கருவட்டம் கீழே நன்றாக மறைந்து, மேலே கொஞ்சம் தெரிந்தால் சரி. வலி நீடித்தால் வெடுக்கென்று இழுக்காதே, வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து எடுத்துவிட்டு மறுபடி வை.

ஈரோட்டு அத்தை: தலையை அழுத்தினால்தானே ஆழமாகப் போகும்?

பிரசவ வார்டு நர்ஸ்: அழுத்தினால் தாடை நெஞ்சில் முட்டி வாய் குறுகிவிடும், மூக்கும் அடைபடும். குழந்தை பின்னால் திமிறும்.

ஒரு அப்பா: எங்கள் பையனுக்கு நாக்கின் அடியில் ஜவ்வு இருந்தது. வெட்டிய பிறகுதான் சரியானது. எப்படி வைத்தாலும் பயனில்லை, முதலில் அதைப் பாருங்கள்.

பிரசவ வார்டு நர்ஸ்: இருக்கலாம், மருத்துவரிடம் காட்டட்டும். ஆனால் ஜவ்வு இருந்தும் நன்றாகக் குடிக்கும் குழந்தைகளை நிறையப் பார்க்கிறேன். இரண்டு நாள் பிடிப்பை மாற்றிப் பார்க்காமல் வெட்டச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஒரு அப்பா: அந்த இரண்டு நாளும் வலிப்பது அவருக்குத்தானே?

பிரசவ வார்டு நர்ஸ்: அதனால் வலி குறைந்த பக்கத்தில் தொடங்கட்டும். இடது தாங்கவே முடியாவிட்டால் கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம், பால் கட்டவிடக் கூடாது. மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புது அம்மா: இன்று நான்கு முறை கக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வலதில் காம்பு உருண்டையாகவே வந்தது. இடதில் மூன்றாவது முறைதான் வாயைப் பெரிதாகத் திறந்தான், இன்னும் கொஞ்சம் சரிந்துதான் வருகிறது. நாக்கையும் காட்ட நாளை போகிறோம்.